சம்பளச் சிட்டை தெரியும், வரி தெரியாது: ஒரு பயிற்சி அழைப்பை மறுத்த விதம்

2025 மே மாதம், வெசாக் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாள். கொழும்பில் தலைமை அலுவலகமும் பேலியகொடையில் களஞ்சியமும் வைத்திருக்கும் ஒரு விநியோக நிறுவனம். அதன் எச்.ஆர். முகாமையாளர் சம்பளப் பிரிவு அக்காவிடம் ஒரு வேலையைக் கேட்டார். 23ஆம் திகதி வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு, ஊழியர்களுக்குப் புதிய வருமான வரி பற்றி ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பேசக்கூடியவர், ஏழெட்டு வருடமாகச் சம்பளம் போடுகிறவர், எல்லோருக்கும் பழக்கமானவர். இவரை விட்டால் வேறு யார் என்பதுதான் முகாமையாளரின் கணக்கு. அந்த நிறுவனத்தின் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தும் பக்கத்தில் நான் இருந்ததால், அதற்குப் பிறகு நடந்தவை பெரும்பாலும் என் மேசை வழியாகத்தான் போயின.

அக்கா மறுத்தார். மறுத்தது சரியா, எந்த அளவுக்குச் சரி, முதல் மறுப்பு ஏன் எடுபடவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை.

முதலில் அந்த நேரத்து நிலைமை. ஏப்ரல் 1இல் இருந்து தனிநபர் வரி விலக்கு வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு இலட்சமாக இருந்த எல்லை ஒன்றரை இலட்சமானது. படிமுறையும் மாறியது. விலக்குக்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6%, அடுத்த ஒவ்வோர் ஐந்து இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மிச்சத்துக்கு 36%. மாதம் இரண்டு இலட்சம் எடுப்பவருக்கு முன்பு 10,500 ரூபாய் கழிந்தது, இப்போது 3,000 ரூபாய். சம்பளச் சிட்டையில் இதைப் பார்த்தவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே ஏப்ரலில் வங்கி வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. ஒரு கையில் குறைந்தது, மறு கையில் கூடியது. ஆட்கள் கேள்வியோடு சம்பளப் பிரிவுக்கு வரத் தொடங்கியது அதனால்தான்.

நடைபாதையில் நின்றபடியே அக்கா சொன்ன பதில்: "எனக்கு அவ்வளவு தெரியாது சேர்." முகாமையாளர் சிரித்தார். "நீங்கதானே மாசாமாசம் செய்றீங்க. உங்களுக்குத் தெரியாட்டி யாருக்குத் தெரியும்?" அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. மாலையில் எல்லோருக்கும் அழைப்பு போனது. அதில் வளவாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயரும் பதவியும் இருந்தன.

முகாமையாளர் அடாவடிக்காரர் அல்ல. நம் அலுவலகங்களில் "எனக்கு அவ்வளவு தெரியாது" என்பது மறுப்பாகக் காதில் விழுவதே இல்லை. போன வீட்டில் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்வது மாதிரி, இன்னொரு தரம் வற்புறுத்தச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதோடு, "அவ்வளவு" என்பதில் அளவே இல்லை. எவ்வளவு தெரியும், எது தெரியாது, தெரியாததால் என்ன பிழைக்கும் என்று எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. கேட்டவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் அக்கா என்னிடம் வந்தார். அவருக்கே ஒரு குழப்பம். இது பயமா, உண்மையிலேயே தெரியாமையா? மேடைக் கூச்சம் அவருக்கு உண்டு. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கூச்சத்தையும் தெரியாமையையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. ஏப்ரல் சம்பளம் போனதிலிருந்து ஆட்கள் அவர் மேசைக்கு வந்து என்னென்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். வகுப்பில் வரப்போகும் கேள்விகளும் ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்.

பதினான்கு கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், தான் சொன்ன பதில் எந்தத் தாளில் இருக்கிறது என்று எழுத வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கழிவு அட்டவணையோ சுற்றறிக்கையோ இருந்தால் அதைக் குறிக்க வேண்டும். "எல்லோரும் சொல்கிறார்கள்", "போன வருடம் இப்படித்தான் செய்தோம்" என்பவை செல்லாது. ஐந்து கேள்விகளுக்கு உடனே எழுதினார். ஏன் இந்த மாதம் குறைவாகக் கழிந்தது, சித்திரைப் புத்தாண்டு போனஸ் வந்த மாதத்தில் ஏன் திடீரென்று கூடியது (மொத்தமாகக் கொடுக்கும் தொகைக்கு வேறு அட்டவணை), கழித்த பணத்தை நிறுவனம் எப்போது கட்டுகிறது (அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள்), வருட முடிவில் தரும் டி 10 சான்றிதழில் என்ன இருக்கும், இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டு இடத்திலும் விலக்குக் கிடைக்குமா (கிடைக்காது, ஒரே இடத்தில்தான்). இவற்றில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. மற்றவர்கள் போட்ட பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியும் இருக்கிறார்.

மற்ற ஒன்பதிலும் தாள் இல்லை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஐந்தும் நிறுவனத்தின் பக்கத்துக் கேள்விகள். ஒன்பதும் அந்த ஆளின் சொந்த வரிக் கணக்கு பற்றியவை. வட்டி, வாடகை, மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம், வருடாந்த வருமான வரி விபரத்திரட்டு நிரப்புவது, கூடக் கட்டியதைத் திரும்ப எடுப்பது. சம்பளம் போடுகிறவருக்கு இவை எதுவும் வேலையில் வருவதே இல்லை. சம்பள மென்பொருளுக்கு ஒரு மனிதருடைய வருமானம் என்றால் அந்த நிறுவனம் தரும் சம்பளம் மட்டுந்தான்.

இதில் என்ன ஆபத்து என்பதற்கு அந்தப் பதினான்கில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். பேலியகொடைக் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவருக்கு மாதம் 1,40,000 சம்பளம். ஊரில் காணி விற்ற காசு 75 இலட்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தார். வட்டி 8% என்று வைத்தால் வருடத்துக்கு ஆறு இலட்சம். அதில் வங்கி 10%, அதாவது 60,000 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் தரும். அவர் அக்காவிடம் கேட்ட கேள்வி எளிமையானது: "எனக்கு வரி இல்லைதானே? வங்கியில் ஒரு சுயபிரகடனம் குடுத்தா பிடிக்க மாட்டாங்களாம். குடுக்கட்டா?"

சம்பளச் சிட்டையை வைத்துப் பார்த்தால் பதில் "ஓம்" தான். 1,40,000 என்பது ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே. அவருடைய சிட்டையில் வரி வரிசையில் பூச்சியம் இருக்கிறது. ஆனால் வரி ஆளுக்கே தவிரச் சிட்டைக்கு இல்லை. சம்பளம் வருடத்துக்கு 16,80,000. வட்டியையும் சேர்த்தால் 22,80,000. விலக்கைக் கழித்தால் மிச்சம் 4,80,000, அதற்கு 6% என்றால் 28,800 ரூபாய் வரி. அந்தச் சுயபிரகடனம் வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்களுக்கானது. இவர் தாண்டுகிறார். கொடுத்தால் அது பொய்ப் பிரகடனம். ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வங்கி பிடித்தது 60,000, கட்ட வேண்டியது 28,800. விபரத்திரட்டு கொடுத்தால் 31,200 ரூபாயைத் திரும்பக் கேட்க அவருக்கு வழி இருக்கிறது.

ஆக, "ஓம், குடுங்க" என்று சொன்னால் அந்த மனிதரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடுகிறோம். "இல்லை, குடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் 31,200 ரூபாயை விட்டுவிடச் செய்கிறோம். இரண்டுமே அரைகுறைப் பதில்கள். அக்கா அன்று அவருக்குச் சொன்னது "பார்த்துச் சொல்றன்" என்பது. அது சரியான பதில். மேலே போட்ட கணக்கு பின்னர் வரி ஆலோசகர் போட்டுக் காட்டியது. அக்காவுக்கு அது அப்போது தெரியாது. தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இதற்குப் பிறகுதான் இரண்டாவது மறுப்பு. 15ஆம் திகதி காலை, அமர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது மின்னஞ்சலில் போனது. நம் அலுவலகங்களில் மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"சேர், 23ஆம் திகதி அமர்வு பற்றி. சம்பளத்தில் வரி எப்படிக் கழிகிறது, ஏப்ரலில் என்ன மாறியது, போனஸ் மாதத்தில் என்ன நடக்கிறது, ஊழியர் எங்களிடம் என்ன படிவம் தர வேண்டும் என்ற பகுதியை நான் 20 நிமிடத்தில் செய்கிறேன். வட்டி, வாடகை, விபரத்திரட்டு, மீளப்பெறுதல் ஆகியவற்றை நான் நடத்த மாட்டேன். கடந்த சில வாரங்களில் என்னிடம் வந்த 14 கேள்விகளில் 9 இந்த வகை, பட்டியல் இணைத்திருக்கிறேன். இவற்றில் பிழையாக ஏதாவது சொன்னால் ஊழியர் பொய்ப் பிரகடனம் கொடுக்கும் நிலைகூட வரலாம். நம்முடைய நிறுவன வரி வேலையைச் செய்யும் ஆலோசகர்களிடம் 40 நிமிடம் கேட்கலாமா? திங்கட்கிழமைக்குள் சொன்னால் அவர்களுக்கும் நேரம் இருக்கும். அழைப்பில் வளவாளர் என்ற இடத்தையும் அப்படியே மாற்றிவிடுங்கள்."

இதில் எனக்குப் பிடித்தது "நடத்த மாட்டேன்" என்ற சொல். முதல் வரைவில் "நடத்துவது கஷ்டமாக இருக்கும்" என்று இருந்தது. கஷ்டம் என்று எழுதினால் உதவி செய்ய வருவார்கள். ஸ்லைட் செய்து தருகிறோம், பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்கிறோம் என்பார்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைத் தேட வேண்டும். மன்னிப்புக் கேட்கும் வரிகளும் முதல் வரைவில் நிறைய இருந்தன. எல்லாம் போயின. மன்னிப்பு நீளமாக இருந்தால் படிப்பவர் மறுப்பை விட்டுவிட்டு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா முதலில் அந்த 20 நிமிடத்தையும் மறுக்கத்தான் நினைத்தார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மற்றவர் பிழையைத் திருத்துகிற அளவுக்குத் தெரிந்த விடயத்தில் "எனக்குத் தகுதியில்லை" என்று சொன்னால் அது கூச்சம், தெரியாமை அல்ல. அந்த ஐந்து கேள்விகளுக்கும் நிறுவனத்துக்குள் அவரைவிட நல்ல ஆள் இல்லை. வரி ஆலோசகருக்கே நம் சிட்டையில் எந்த வரிசை எதைக் காட்டுகிறது என்று தெரியாது. முழுவதையும் மறுத்திருந்தால் அந்தப் பகுதியை யாரோ ஒருவர் மோசமாகச் செய்திருப்பார்.

முகாமையாளர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அன்று பகல் அவரோடு பேசும்போது நானும் இருந்தேன்.

"ஸ்லைட்டைப் பார்த்து வாசிச்சா போதும், நான் எங்கேயாவது எடுத்துத் தாறேன்" என்றார். அக்கா பட்டியலைக் காட்டினார். ஆட்கள் வரப்போவது ஸ்லைட்டைக் கேட்க அல்ல, தங்கள் கேள்வியைக் கேட்க. அது அங்கேயே முடிந்தது.

அடுத்து அவர் சொன்னது கொஞ்சம் கனமானது. "தெரியாத கேள்வி வந்தா 'பார்த்துச் சொல்றேன்' எண்டு சொல்லுங்க. எந்த வளவாளருக்கும் எல்லாம் தெரியாது." இது நியாயமான வாதம். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று கேள்விகளுக்கு அப்படிச் சொல்வது ஒரு குறையே இல்லை. நானும் பல வளவாளர்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் இங்கே விகிதம் தலைகீழ். பதினான்கில் ஒன்பதுக்கு "பார்த்துச் சொல்றேன்" என்றால் அது வகுப்பாக இராது. அதைவிட முக்கியமானது, பிறகு அந்த ஒன்பதையும் பார்த்துச் சொல்ல அவருக்கு யார் இருக்கிறார்கள்? எப்படியும் ஆலோசகரிடம்தான் போக வேண்டும். இன்னொன்றையும் அக்காவே சொன்னார்: "சேர், நான் ஒண்டைச் 'சில வேளை' எண்டு சொன்னாலும் ஆக்கள் 'அக்கா சொன்னவ' எண்டுதான் பிடிச்சுக்கொள்ளுவினம். சம்பளம் போடுறது நான்தானே." நிறுவனத்தின் சம்பளம் யார் கையால் போகிறதோ அவர் சொல்வது நிறுவனம் சொல்வதாகிவிடும். வெளியாள் ஒருவருக்கு அந்தச் சுமை இல்லை.

கடைசியில் காசு. வெளி வளவாளருக்கு ஒதுக்கீடு இல்லை என்றார். இதற்குத்தான் மின்னஞ்சலில் ஆலோசகர்கள் என்று குறித்திருந்தது. வருடாவருடம் நிறுவனத்தின் வரி வேலைக்குக் கட்டணம் வாங்குகிறவர்கள் அவர்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம்? அமர்வைச் சம்பளச் சிட்டை பற்றிய 20 நிமிடமாகச் சுருக்கி, மிச்சக் கேள்விகளுக்குத் திணைக்களத்தின் 1944 அழைப்பு இலக்கத்தைக் கொடுத்திருப்போம். அது சுமாரான ஏற்பாடு. ஆனால் பிழையான ஏற்பாடு அல்ல.

23ஆம் திகதி அமர்வு நடந்தது. அக்காவின் 20 நிமிடம் நன்றாகப் போனது. ஒரு பழைய சிட்டையையும் புதிய சிட்டையையும் பெயரை மறைத்துத் திரையில் போட்டு, வரிசை வரிசையாகக் காட்டினார். கைதட்டல்கூட விழுந்தது. ஆனால் நாங்கள் யாரும் யோசிக்காத ஒரு இடத்தில் சிக்கல் வந்தது.

வந்த ஆலோசகர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் பேசுகிறவர். பேலியகொடையிலிருந்து வந்த தமிழ் ஊழியர்கள் பலருக்குச் சந்தைச் சிங்களம் போதும், வரிச் சிங்களம் போதாது. பத்து நிமிடத்திலேயே பின் வரிசை முழுவதும் அக்காவைப் பார்க்கத் தொடங்கியது. அக்கா எழுந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். மறுத்த வேலை பின் கதவால் உள்ளே வந்துவிட்டது.

வாடகை வருமானம் பற்றிய கேள்விக்கு ஆலோசகர் பதிலோடு இரண்டு மூன்று நிபந்தனைகளையும் சொன்னார். தமிழில் வரும்போது பதில் வந்தது, நிபந்தனைகளில் ஒன்று வரவில்லை. அக்காவுக்கு அது அப்போதே உறைத்தது. நிறுத்தி, "சேர் சொன்னதில ஒண்டு விட்டிட்டன், திரும்பக் கேக்கிறன்" என்று சபையிலேயே சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்டார். அதன் பிறகு ஒழுங்கை மாற்றினோம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி, ஆலோசகர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அக்கா அதை மட்டும் தமிழில் சொன்னார். தன்னுடைய விளக்கம் எதையும் சேர்க்கவில்லை. யாராவது அவரை நேரடியாகக் கேட்டால் சீட்டைக் காட்டினார். நேரம் இழுபட்டது. அமர்வு ஒன்றரை மணித்தியாலம் போனது. ஆனால் யாரும் "அக்கா சொன்னவ" என்று எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை மொழிதான். கொழும்பில் ஒரு விடயம் தெரிந்தவரை மாற்று ஆளாகப் பரிந்துரைக்கும்போது, அவர் எந்த மொழியில் அதைச் சொல்வார் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஆலோசகர்களின் அலுவலகத்திலிருந்து தமிழ் தெரிந்த ஒருவர் வந்திருப்பார். அப்படி ஒருவர் அங்கே இருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

களஞ்சியப் பொறுப்பாளர் அமர்வு முடிந்ததும் ஆலோசகரிடம் தனியாகப் போய்த் தன் கணக்கைக் கேட்டார். சுயபிரகடனம் கொடுக்கவில்லை. வங்கி பிடித்த வரிக்கான சான்றிதழ்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். அந்த மதிப்பீட்டாண்டு 2026 மார்ச் 31 வரை ஓடும். விபரத்திரட்டு அதற்குப் பிறகுதான், நவம்பர் 30க்குள்.

முகாமையாளர் சில மாதம் கழித்து அக்காவிடம் இன்னொரு வகுப்பு கேட்டார். இந்த முறை ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும். கேட்கும்போதே, ஆட்கள் என்ன கேட்பார்கள் என்று ஒரு பட்டியலையும் கூட அனுப்பியிருந்தார். அக்கா அரை நாளில் பதில் போட்டார். 8 வீதம், 12 வீதம், 3 வீதம் எப்படிக் கணக்கிடுகிறோம், எந்தக் கொடுப்பனவு அதில் சேரும், எது சேராது என்பதை நான் எடுக்கிறேன். ஓய்வுக்கு முன் 30 வீதம் எடுப்பது பற்றிய பகுதிக்குத் தொழில் திணைக்களத்திலிருந்து ஆள் கேளுங்கள், தமிழ் தெரிந்தவராக.